கலைச்சொல்: லோக்கல் மொரான் வரைபடத்தில் வரும் ‘அவுட்லையர்’

மலர்விழி:
அனைவருக்கும் வணக்கம். இராயபுரம் முதல் வியாசர்பாடி வரையுள்ள பிளாக்குகளின் எழுத்தறிவு விகிதத்தை வைத்து, ஒவ்வொரு பிளாக்கையும் அதன் அக்கம்பக்கத்தோடு ஒப்பிடும் லோக்கல் மொரான் வரைபடம் போட்டிருக்கிறேன். அதற்குத் தமிழில் விளக்கம் எழுதி வருகிறேன். ‘கிளஸ்டர்’ என்பதைக் ‘கொத்து’ என்றே வைத்துவிட்டேன். ‘அவுட்லையர்’ என்பதற்குப் ‘புறமதிப்பு’ என்று எழுதியிருந்தேன். கொருக்குப்பேட்டையில் ஆசிரியையாக இருக்கும் தோழி வரைவைப் படித்தாள். அவுட்லையர் என வெளிர்நீலம் பூசிய ஒரு பிளாக்கில் விரலை வைத்து, “இங்கே 76 சதவீதம். இதைவிடக் குறைந்த இடங்கள் எத்தனையோ இருக்கின்றன. இது எப்படிப் புறமதிப்பு ஆகும்?” என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரிந்தது. ஆனால் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு சொல்ல முடியவில்லை.

சுந்தரமூர்த்தி:
வகுப்பில் முப்பது ஆண்டுகள் நான் சொல்லிவந்தது ‘புறமதிப்பு’தான். அது மொத்தப் பட்டியலில் ஓரத்தில் நிற்கும் எண்ணுக்குப் பொருந்தும். இங்கே ஒப்பீடு அக்கம்பக்கத்தோடு. தன் அயலிலிருந்து வெகுவாக வேறுபடும் பிளாக் என்பதால் ‘அயல்வேறு’ எனலாம்.

இரகுநாதன்:
‘அயல்’ கட்டாயம் வேண்டும், ஐயா. ‘வேறு’ என்பதில்தான் எனக்குத் தடை. லூக் அன்சலின் 1995இல் கொடுத்த கணக்கு இது:

```
I_i = z_i * Σ_j w_ij * z_j
```

பிளாக்கின் விலகலை அயலாரின் சராசரி விலகலால் பெருக்குகிறோம். எளிமைக்காக மொத்தச் சராசரி 80, திட்டவிலக்கம் 8 என்று வைத்துக்கொள்வோம். சராசரியிலிருந்து விலகலைத் திட்டவிலக்கத்தால் வகுத்தால் மலர்விழியின் 76 என்பது −0.5. அதன் அயலாரின் சராசரி 90 என்றால் +1.25. பெருக்கினால் −0.625. குறி எதிர்மறை, ஆகவே அவுட்லையர். இன்னொரு பிளாக்கில் 60, அயலில் 62 என்றால் −2.5ஐ −2.25ஆல் பெருக்க +5.6 வருகிறது. பட்டியலின் அடியில் கிடந்தாலும் அது கொத்துதான்.

இப்போது 81 உள்ள பிளாக்கைச் சுற்றி 96 இருக்கட்டும். வேறுபாடு 15 புள்ளி, முதல் பிளாக்கின் 14ஐவிட அதிகம். ஆனால் +0.125ஐ +2ஆல் பெருக்கினால் +0.25. இருவரும் சராசரிக்கு மேலேயே நிற்பதால் அது அவுட்லையர் ஆவதில்லை. இது தற்செயலா என்று பார்க்கும் சோதனையில் அந்தப் பிளாக்கை அசைக்காமல் வைத்து, மற்றவற்றைச் சீட்டுபோல 999 முறை கலைத்துப் பார்க்கிறோம். அயலின் 96 தற்செயலாக வருவது அரிது என்று தெரிந்தால், நடுவிலுள்ள 81க்கும் உயர்கொத்தின் சிவப்பே கிடைக்கும்.

ஆகவே இது வேறுபாட்டின் அளவு பற்றியது அல்ல. எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்பது பற்றியது. முரண்தொடையில் இருளும் ஒளியும் எதிர்நிற்பதைத் தமிழ் ‘முரண்’ என்றே சொல்கிறது. ‘அயல்முரண்’ என்பது என் பரிந்துரை.

தேவகி:
சொல்லைப் பற்றி எனக்குத் தெரியாது. காசிமேட்டுப் பக்கம் நாங்கள் போட்ட வரைபடத்திலும் இப்படி ஒரு வெளிர்நீலம் வந்தது. மற்றப் பிளாக்குகளை இன்னொருவர் கணக்கிட்டார். அந்த ஒன்றை மட்டும் நான். 700 பேரில் 529 பேர் எழுத்தறிந்தவர்கள், எனவே 76 என்று போட்டுவிட்டேன். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 7 வயதுக்குக் கீழுள்ளவர்களைக் கழித்துத்தான் வகுக்க வேண்டும். அங்கே 112 குழந்தைகள். 588ஆல் வகுத்ததும் 90 ஆகிவிட்டது, நிறமும் போய்விட்டது. மலர்விழி, உங்கள் 76ஐயும் முதலில் பாருங்கள்.

மலர்விழி:
பார்த்துவிட்டேன் அக்கா, வகுத்தது சரி. ஆனால் வேறொன்று தெரிந்தது. அதன் ஐந்து அயல்களில் மூன்று பக்கிங்காம் கால்வாய்க்கு அக்கரையில் இருக்கின்றன. எல்லைக்கோடு தொடுவதால் மென்பொருள் அவற்றை அயலாக எடுத்துக்கொண்டது. அங்குள்ளவர்கள் பாலம்வரை நடந்துதான் எதிர்க்கரைக்குப் போக முடியும். அந்த மூன்றையும் விலக்கினால் முரண் நிற்கவில்லை. ‘அயல்முரண்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்கிறேன். ஆனால் எது அயல் என்பதை வரைபடத்தின் கீழேயே எழுதியாக வேண்டும்.

இரகுநாதன்:
மிகவும் சரி. இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். இரண்டே அயல் மிஞ்சும்போது இருவரின் சராசரி எளிதில் ஆடும். ஆகவே நிறம் போனதற்குக் கால்வாய்தான் காரணம் என்றும் உறுதியாகச் சொல்ல முடியாது.

சுந்தரமூர்த்தி:
‘முரண்’ பொருத்தம்தான், ஏற்கிறேன். அப்படியானால் அதன் இரு வகைகளுக்கும் பெயர் வேண்டும். உயர்ந்தவற்றின் நடுவே தாழ்ந்தது ‘உயரிடைத் தாழ்வு’, தாழ்ந்தவற்றின் நடுவே உயர்ந்தது ‘தாழ்விடை உயர்வு’. தமிழில் சூழல் முன்னே வருவதுதான் இயல்பு.

இரகுநாதன்:
காதுக்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் வரைபடம் போடும் GeoDa மென்பொருளின் திரையில் `Low-High` என்று பிளாக்கின் நிலை முன்னே வருகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் மாணவர் ‘உயர்’ என்ற முதற்சொல்லைக் கண்டதும் `High-Low` என்று கொள்வார். இதில் எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை, ஐயா.