பார்சல் ஓட்டம்: ஒரு நாளைக்கு 1,970 ரூபா மிஞ்ச வேண்டும், மாதக் கடைசியில் கையில் ஒன்றுமில்லை. எங்கே போகிறது?

டிக்கோயா பைக்

ஹட்டன் டவுனில் ஒரு பார்சல் கம்பனிக்கு எட்டு மாதமாக ஓடுகிறேன். 125 சீசீ, கார்பரேட்டர் வண்டி, நான்கு இலட்சத்துக்கு எடுத்தது. கொடுத்து முடித்த பார்சலுக்கு 110 ரூபா. ஆள் வாங்காமல் திருப்பி அனுப்பினால் ஒரு சதமும் இல்லை. பெற்றோல், ரிப்பேர் எல்லாம் என் தலையில்.

ஒரு நாளைக்கு 22 பார்சல், 75 கிலோமீட்டர், மாதம் 26 நாள். லீட்டருக்கு 50 ஓடும் என்று சொல்லித்தான் விற்றார்கள். பெற்றோல் 300 ரூபா என்று வைத்தால் நாளைக்கு 450. மிச்சம் 1,970, மாதம் 51,000க்கு மேல் வர வேண்டும். ஆனால் முப்பதைத் தாண்டிக் கையில் பார்த்ததே இல்லை. போன மாதம் பின் டயரும் செயின் செட்டும் ஒன்றாகப் போய், அம்மாவின் சீட்டுக் காசில் கை வைத்தேன். எங்கே ஓட்டை என்று யாராவது சொல்லுங்கள்.

மஸ்கெலியா ஆட்டோ

தம்பி, இறக்கத்தில் நியூட்ரலில் விடு. நம் பக்கம் பாதி ரோட் இறக்கம்தானே, அதற்குப் பெற்றோல் எதற்கு? நான் பத்து வருஷமாக அப்படித்தான்.

கொட்டகலை கராஜ்

மஸ்கெலியா அண்ணன் சொல்வதில் பாதி சரி. கார்பரேட்டர் வண்டியில் நியூட்ரலில் இறங்கினால் கொஞ்சம் மிச்சம் வரும். ஆனால் வண்டியைப் பிடிக்கிற வேலையை எஞ்சின் விட்டுவிட்டால் பிரேக் ஒன்றுதான் மிச்சம். பார்சல் பையோடு கினிகத்தேனை இறக்கம் இறங்கி வந்து பின் டிரம்மில் கை வைத்துப் பாருங்கள். சூடேறிய பிரேக் சூ, பிடிக்க வேண்டிய வளைவில் பிடிக்காது. மிச்சம் பிடித்த பெற்றோலை சூ மாற்றும்போது கொடுத்துவிடுவீர்கள். இஞ்செக்‌ஷன் வண்டி என்றால் கியரில் விட்டு திராட்டிலை மூடினாலே பெற்றோல் நின்றுவிடும், நியூட்ரல் அங்கே நட்டம்.

தம்பி, 50 என்பதை நீங்கள் அளந்தீர்களா, கேட்டதுதானா? ஒரே செட்டில், வண்டியை நேராக நிறுத்தி, கழுத்து வரை அடித்து மீட்டரை எழுதுங்கள். ஒரு கிழமை ஓடி அதே இடத்தில் அதே அளவுக்கு அடியுங்கள். ஓடிய கிலோமீட்டரை, முதல் தடவைக்குப் பிறகு அடித்த மொத்த லீட்டரால் பிரித்தால் போதும். அப்படியே பிளக்கைக் கழற்றி நிறம் சொல்லுங்கள்.

பண்டாரவளை கேக்

காரா பைக்கா என்று யோசிக்கிறீர்களா? நான் பழைய சின்னக் காரில் பின் சீட்டைக் கழற்றிவிட்டு கேக் கொண்டு போகிறேன். மேட்டில் லீட்டருக்கு 11, 12தான். வெலிமடைக்கு ஒரு கேக் கொண்டு போனால் திரும்பி வருவது வெறும் காரில், அந்தப் பெற்றோலை வாங்குகிறவரிடம் கேட்க வாய் வராது. இன்னொன்று, இன்சூரன்ஸ் பத்திரத்தைப் பாருங்கள். என்னுடையது சொந்தப் பாவனைக்கு எடுத்தது. பம்பர் அடிபட்டபோது, சாமான் ஏற்றிச் சம்பாதித்தீர்கள் என்று சொல்லிக் காசு தரவில்லை. 38,000 என் கையிலிருந்து போனது.

டிக்கோயா பைக்

அக்கா, கார் எடுக்கிற யோசனை இல்லை, இருக்கிற பைக்கின் கணக்குத்தான். ஆனால் இன்சூரன்சைப் பார்த்தேன், என்னுடையதும் சொந்தப் பாவனைதான். வயிற்றைக் கலக்குகிறது.

கராஜ் அண்ணா, அளந்தேன். 456 கிலோமீட்டருக்கு 12 லீட்டர், அதாவது 38. பிளக் அடுப்புக் கரி மாதிரிக் கறுப்பு, விரலில் ஒட்டுகிறது.

கொட்டகலை கராஜ்

காற்றுக்கு மிஞ்சின பெற்றோல் போகிறது. கார்பரேட்டரில் பெற்றோலை அளந்து விடுகிற ஜெட், கீழ் நாட்டுக்கு ஏற்றதாகத்தான் வந்திருக்கும். இங்கே காற்று ஐதாக இருக்கிறது, ஹட்டனே 1,200 மீட்டருக்கு மேல். முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள், மிஸ்டிலும் தூசியிலும் அடைத்திருந்தால் இதே கறுப்பு வரும். பின் சில்லைத் தூக்கிக் கையால் சுற்றுங்கள், பிரேக் உரசினால் உடனே நிற்கும். இரண்டும் சரியென்றால் மெயின் ஜெட்டில் ஒரு அளவு சின்னது போடலாம். ஆனால் அடிக்கடி அவிசாவளைப் பக்கம் இறங்குகிறவர் என்றால் வேண்டாம், அங்கே எஞ்சின் சூடேறும். காற்று ஸ்குரூவை மட்டும் திருகிவிட்டு "சரி செய்தாச்சு" என்பவரை நம்பாதீர்கள், அது ஐட்லிங்குக்கும் திராட்டிலைக் கொஞ்சமாகத் திறக்கிறபோதும்தான்.

தலவாக்கலை, முன்பு ரைடர்

பெற்றோலை மட்டும் பார்த்தால் தீராது. தம்பி டயரைப் "போன மாதச் செலவு" என்கிறார். அது போன மாதம் தேய்ந்ததில்லை, எட்டு மாதமாகத் தேய்ந்தது. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கொஞ்சம் எடுத்து வைக்க வேண்டிய காசு அது.

என் பழைய கொப்பியில் இருக்கிற மாதிரிச் சொல்கிறேன், விலைகளை உங்கள் பில்லோடு ஒத்துப் பாருங்கள். 2,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஒயில் 2,500 ரூபா. பின் டயர் 9,500, இந்த வளைவுகளில் 12,000 ஓடினால் அதிர்ஷ்டம். முன் டயர், செயின் செட், பிரேக், கிளச், தோட்டத்து ரோட்டில் போகிற பேரிங் என்று எல்லாவற்றையும் அதனதன் ஆயுளால் பிரித்துக் கூட்டினால் கிலோமீட்டருக்கு 4.50 வரும். 38 ஓடுகிற வண்டிக்குப் பெற்றோல் 7.90. நான்கு இலட்சத்து வண்டி மூன்று வருஷத்தில் 70,000 கிலோமீட்டர் ஓடி இரண்டரைக்குப் போனால் அதுவும் 2.10. ஆக, சில்லு ஒரு கிலோமீட்டர் சுற்றினால் 14.50.

மாதம் 1,950 கிலோமீட்டருக்கு அது 28,200 சொச்சம். வரவு 62,920. வரி, இன்சூரன்ஸ், எமிஷனுக்கு மாதம் 1,000, போனுக்கு 2,000. மிச்சம் 31,600, நாளைக்கு 1,200 சொச்சம். 2024இல் தோட்டத்து நாட்சம்பளத்தை 1,350 ஆக்கினார்கள், அதில் ஈ.பி.எஃப். வேறு உண்டு. உங்களுக்கு அதுவும் இல்லை.

இப்போது ஒன்று கேட்கிறேன். மெயின் ரோட்டிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் உள்ளே இருக்கிற மேல் டிவிஷனுக்கு ஒரே ஒரு பார்சலோடு கிழமைக்கு எத்தனை தடவை போகிறீர்கள்?

டிக்கோயா பைக்

நான்கு, ஐந்து தடவை. சில நாள் போன பிறகு "காசு இல்லை, நாளைக்கு வாங்க" என்பார்கள்.

தலவாக்கலை, முன்பு ரைடர்

போய் வர 18 கிலோமீட்டர், 261 ரூபா. கிடைப்பது 110. ஆள் வாங்காவிட்டால் அதுவும் இல்லை. டவுனில் இருபது பார்சல் கொடுத்துச் சம்பாதித்ததை அந்த மேட்டில் கொண்டுபோய்க் கொட்டுகிறீர்கள். நான் செவ்வாயும் வெள்ளியும் மட்டும்தான் மேலே போவேன். காலையில் போன் பண்ணி "காசு கையில் இருக்கா?" என்று கேட்பேன். நான்கு பார்சல் சேர்ந்தால் 440 வரும், 261 போகும், அப்போதுதான் ஏறுவேன்.

மஸ்கெலியா ஆட்டோ

கணக்கு அழகாக இருக்கிறது, லீசிங் எங்கே? மாதம் 14,000 கட்டுகிற பையனுக்கு 31,000த்தில் என்ன மிஞ்சும்?

தலவாக்கலை, முன்பு ரைடர்

வண்டி விலை குறைவதைக் கழித்தாச்சு அண்ணே, தவணை முழுவதையும் கழித்தால் ஒரே வண்டிக்கு இரண்டு தடவை காசு கொடுத்த மாதிரி. வட்டியை மட்டும் கழிக்க வேண்டும். ஆனால் கையில் காசு இருக்கிறதா என்பது வேறு கேள்வி, அதில் நீங்கள் சொல்வதுதான் சரி.

டிக்கோயா பைக்

மூன்று கிழமை ஆனது. ஃபில்டர் மாற்றி, உரசின பின் பிரேக்கைத் தளர்த்தினேன். ஜெட்டைத் தொடவில்லை. 43 வருகிறது, மாதம் 1,800 ரூபா மிச்சம்.

செவ்வாய், வெள்ளி விஷயத்தைக் கம்பனியில் கேட்டேன். பார்சல் வந்த 48 மணித்தியாலத்துக்குள் போக வேண்டுமாம், இல்லையென்றால் வெட்டுவார்களாம். எவ்வளவு என்று கேட்டதற்குப் பதில் இல்லை. வெட்டு, ஒரு தடவை மேலே போய் வருகிற செலவைவிடக் குறைவென்றால், ஒற்றைப் பார்சலைப் பிந்தி மற்றப் பார்சல்களோடு கொண்டு போவதே எனக்கு இலாபம். இன்சூரன்சை மாற்ற எவ்வளவு கேட்பார்கள் என்று யாருக்காவது தெரியுமா?