புதுப்பிப்பு: ஒரு பைசா எங்கே போச்சுன்னு கண்டுபிடிச்சாச்சு

என் பழைய கேள்வி: “புதுச்சேரி கடை கார்ட்ல, தள்ளுபடி போக ₹40.20 வர்ற ஊதுபத்திக்கு 2.5% சிஜிஎஸ்டி ₹1.01 வரணும். ₹1.00 காட்டுது, ஏன்?”

```js
(40.20 * 2.5 / 100).toFixed(2) // "1.00"
```

1.005-ஐ பைனரியில் அப்படியே வைக்க முடியாது. உள்ளே இருப்பது 1.00499999… அதனால்தான் கீழே இறங்குது.

“நூறால் பெருக்கி `Math.round` போடுங்க” என்றார் ஒரு தம்பி. பாதி சரி. வரி கணக்கிட்ட பிறகு பெருக்கினால் 100.49999999999999 வந்து, மறுபடி 100 பைசாதான். பில்லிங் மென்பொருளில் பழுத்த அண்ணன் ஒருவர் சொன்னதுதான் வேலை செய்தது: விலை உள்ளே வரும்போதே முழு எண் பைசா, விகிதமும் முழு எண், அதாவது 2.5% என்பது ஆயிரத்துக்கு 25.

```js
Math.round(4020 * 25 / 1000) // 101
```

எஸ்ஜிஎஸ்டியும் 101, மொத்தம் ₹2.02. அதே பொருள் கடலூருக்குப் போனால் வேறு மாநிலம், ஐஜிஎஸ்டி 5% ஒரே தடவை ரவுண்டாகி ₹2.01. இந்த வித்தியாசம் பிழை இல்லை, திருத்தப் போகாதீங்க.

“நாங்க முழு ரூபாய்க்கே ரவுண்ட் பண்றோம்” என்றார் கடலூர் அக்கா ஒருவர். அது பில்லின் கடைசி மொத்தத்தில் நடப்பது, என் சிக்கல் அதற்கு முன்னாடி.

இன்னும் தீராதது ஒண்ணு: ₹100 கூப்பனை மூணு சம விலைப் பொருளுக்குப் பிரித்தால் 3333, 3333, 3334 பைசா. அந்த மிச்சப் பைசா எந்த வரிசைக்கு? கடைசிக்குக் கொடுத்திருக்கேன், அண்ணன் இன்னும் ஒத்துக்கலை.