20% வரிக் கணக்கில் விடை அரை ரூபாய் தள்ளி வருகிறது. எங்கே சிக்கல்?

நிலா
தேவை P = 100 − Q, அளிப்பு P = 10 + Q. வரி இல்லாதபோது விலை 55, அளவு 45. விற்பவர் பெறும் விலை மீது 20% வரி. 55-க்கு 20% என்றால் 11 ரூபாய். அளிப்புக்கோட்டை 11 மேலே ஏற்றினால் வாங்குபவர் விலை 60.50, அளவு 39.5. விடைப்பக்கத்தில் 60, 40 என்று இருக்கிறது. அடுத்த கேள்வியில் வரிக்குப் பதில் அலகுக்கு 10 ரூபாய் மானியம். வாங்குபவர், விற்பவர் இருவர் உபரியும் கூடுகிறதே, அப்புறம் ஏன் இழப்பைக் கேட்கிறார்கள்?

வேலு
11-க்குப் பதில் 10 ரூபாய் அலகு வரி என்று போடுங்கள், விடை சரியாக வரும். இரண்டு வரியும் ஒன்றுதான்.

தாமரை
வேலு சொன்ன 10 சரி, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. நிலா, நீங்கள் பழைய விலைக்கு 20% எடுத்தீர்கள். வரி வந்ததும் விற்பவர் விலையே இறங்கிவிடும். சதவீத வரியில் கோடு அப்படியே மேலே போகாது, அதன் சாய்வும் கூடும்: P = 12 + 1.2Q. இதைத் தேவையோடு சமப்படுத்தினால் Q = 40, வாங்குபவர் 60, விற்பவர் 50, வரி 10.

இப்போது தேவை P = 78 − Q என்று குறைந்தால் பாருங்கள். 20% வரியில் அளவு 30, விற்பவர் விலை 40, வரி 8 ஆகிறது. 10 ரூபாய் அலகு வரி அசையாது, அளவு 29. விலை சரியும்போது சதவீத வரி தானாக இளகும், அரசின் வருவாயும் இறங்கும். தமிழ்நாட்டில் பெட்ரோல் வாட் வரி 2020 மே மாதம் 34 சதவீதத்திலிருந்து 15% + லிட்டருக்கு 13.02 ரூபாய் என மாறியது. விலை விழுந்தாலும் அந்த ரூபாய்ப் பகுதி குறையாது.

செல்வம்
நான் விவசாயி. சொட்டுநீர் மானியம் வந்ததும் எங்கள் ஊர்க் கடையில் குழாய் விலையை ஏற்றிவிட்டார்கள். மானியம் கடைக்காரருக்குத்தானே போகிறது?

தாமரை
ஒரு பகுதி போகும். நிலாவின் கணக்கில் 10 ரூபாய் மானியத்தில் அளவு 50, வாங்குபவர் கொடுப்பது 50, விற்பவர் பெறுவது 60. இரண்டு உபரியும் தலா 1012.50-லிருந்து 1250 ஆகின்றன. கூடியது மொத்தம் 475. அரசு செலவு 50 × 10 = 500. விடுபட்ட 25 யாருக்கும் சேரவில்லை. கூடுதலாக விற்ற அந்த 5 அலகைச் செய்ய ஆன செலவு, வாங்குபவர்கள் அதற்கு வைத்த மதிப்பைவிட அதிகம்.

இரண்டு கோட்டின் சாய்வும் அளவில் ஒன்றே என்பதால்தான் இங்கே பாதிப் பாதி. செல்வம் அண்ணா, சரக்கைச் சட்டென்று கூட்ட முடியாத இடத்தில் பெரும்பங்கு விற்பவருக்குப் போகும். உங்கள் ஊரில் எத்தனை கடை?

செல்வம்
அனுமதி பெற்றது ஒன்றுதான்.

வேலு
ஒரே கடை என்றால் இந்தப் போட்டிச் சந்தைக் கணக்கு அப்படியே பொருந்தாதே?

தாமரை
பொருந்தாது. மானியத்துக்கு முன் அவர் விற்ற விலையும் எண்ணிக்கையும் கிடைத்தால் போட்டுப் பார்க்கலாம்.