மோட்டார்காரரோடு ரோட்டிலேயே பேசி முடித்த கேஸ், போலீஸ் ரிப்போர்ட் இல்லாததால் திரும்பி வந்திருக்கிறது. உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

ஜெலுத்தோங் மாலா

தம்பியோட கேஸ் இது. தூக்கம் போனது எனக்கு. கிரீன் லேன்ல ஒரு ஞாயிறு சாயங்காலம் கடைப்பக்கம் இடது திரும்பும்போது, உள்பக்கமா வந்த மோட்டார் தம்பி காடியோட முன் பம்பர்ல உரசி விழுந்துடுச்சு. நான் பக்கத்து சீட்ல இருந்தேன். அந்த மலாய்க்கார அண்ணன் எழுந்து, சிலுவாரைத் தட்டிவிட்டு, "தாக் அப்பா பாங், சிக்கிட் சாஜா"ன்னு சிரிச்சார். கண்ணாடியும் பிரேக் லீவரும் மாத்திக்கச் சொல்லி தம்பி 200 வெள்ளி கொடுத்தான். அதை வலது கையால வாங்கி, வலது கையாலேயே பையில வெச்சார். இடது கை வயித்தோட ஒட்டியே இருந்தது. அது மட்டும் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிக்குது. அன்னைக்கு யாருக்கும் உறைக்கல.

எட்டு மாசம் கழிச்சு லாயர் கடிதம் வந்தது. இடது மணிக்கட்டு எலும்பு முறிவு, ஆபரேஷன், வேலைக்குப் போகாத நாள், எல்லாம் எழுதியிருக்கு. அவர் மறுநாள் காலையிலேயே ரிப்போர்ட் செய்திருக்கார். போலீஸ் தம்பியைக் கூப்பிட்ட கடிதம் காடி கெரானில் இருக்கிற பழைய வீட்டு முகவரிக்குப் போயிருக்கு. இன்சூரன்ஸ்காரங்க கேட்ட முதல் கேள்வியே, "உங்க ரிப்போர்ட் காப்பி எங்கே?" இப்போ வழக்கை அவங்க லாயர் நடத்துறாங்க. ஆனா தனியா ஒரு கடிதம் வந்திருக்கு: ரிப்போர்ட் செய்யாததாலும் தானாகப் பணம் கொடுத்ததாலும், கட்டுற தொகையைப் பின்னால் தம்பிகிட்ட கேட்கும் உரிமை அவங்களுக்கு இருக்காம். இப்படியும் செய்ய முடியுமா?

செந்தூல் குமரன்

ஏமாற்று வேலை, வேற ஒண்ணும் இல்ல. கைநீட்டிக் காசு வாங்கிட்டு மறுநாள் போய் ரிப்போர்ட் செய்றது எந்த ஊர் நியாயம்? அப்புறம், ரிப்போர்ட்டுக்கு ஏழு நாள் டைம் இருக்கு. என் பாலிசி புக்கிலேயே ஏழு நாள்னு போட்டிருக்கு, நானே படிச்சேன். சின்ன உரசலுக்கெல்லாம் ஓடணும்னு அவசியம் இல்ல. போன வருஷம் கல் தெறிச்சு என் முன் கண்ணாடி உடைஞ்சப்போ ரிப்போர்ட்டே கேட்கல, கண்ணாடி கடைக்காரர் போட்டோ எடுத்து அனுப்பினார், முடிஞ்சுது.

பழைய அட்ஜஸ்டர், கெப்போங்

குமரன் தம்பி, நீங்கள் படித்த ஏழு நாள் இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்ல வேண்டிய கெடு. போலீஸுக்கு அது பொருந்தாது. 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, காடி ஓட்டியவர் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் ரிப்போர்ட் செய்ய வேண்டும். காடி யார் பேரில் இருக்கிறது என்பது அங்கே கணக்கில்லை, ஸ்டியரிங்கில் இருந்தவர்தான் போக வேண்டும். கண்ணாடிக்குத் தனியாகக் காப்புறுதி எடுத்திருந்தீர்கள், கல் பட்டு உடைந்தது, அதனால் கேட்கவில்லை. ஆள் காயம், திருட்டு, காடிக்குப் பெரிய சேதம் என்று வந்தால் ரிப்போர்ட் இல்லாமல் ஃபைலே திறக்க மாட்டார்கள்.

மாலா, உங்கள் கேள்விக்கு வருகிறேன். செய்ய முடியும். ஆனால் கடிதத்தைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். மூன்றாம் ஆளின் உடல் காயத்துக்கு எடுக்கும் காப்பு சட்டப்படி கட்டாயமானது. விபத்துக்குப் பிறகு காடிக்காரர் ஒன்றைச் செய்யத் தவறினார் என்று காரணம் சொல்லி, அடிபட்டவருக்குக் கம்பெனி கையை விரிக்க முடியாது. அதனால்தான் லாயர் வைத்து நடத்துகிறார்கள். அவருக்குக் கட்டிவிட்டு, நிபந்தனையை மீறிய பாலிசிதாரரிடம் திரும்பக் கேட்பது வேறு விஷயம். அந்தக் கடிதம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது, இன்னும் யாரும் உள்ளே வரவில்லை. எல்லா கேஸிலும் கேட்பதும் இல்லை.

200 வெள்ளிதான் எனக்குக் கவலை. கம்பெனியைக் கேட்காமல் பொறுப்பை ஒப்புக்கொள்வதோ பணம் கொடுப்பதோ கூடாது என்று பாலிசியில் இருக்கும். எதிர்த்தரப்பு லாயர் அந்தப் பணத்தைத் தவறை ஒப்புக்கொண்டதற்கு அடையாளமாகக் காட்டப் பார்ப்பார். பரிவில் கொடுத்தது என்று உங்கள் தரப்பில் சொல்லலாம். நீதிமன்றம் எதை எடுத்துக்கொள்ளும் என்று இப்போதே என்னால் சொல்ல முடியாது.

இத்தனை மாதம் கழித்து என்றாலும் தம்பி இப்போதே போய் ரிப்போர்ட் செய்யட்டும். ஏன் தாமதம் என்று அதிலேயே உள்ளதை உள்ளபடி சொல்லட்டும். தாமதத்துக்குச் சம்மன் வரலாம். ஆனால் இன்றைக்கு அந்த ஃபைலில் இருப்பது ஒருவர் சொன்ன கதை மட்டும்தான். தம்பி எந்தப் பாதையில் வந்தார், சிக்னல் போட்டாரா, மோட்டார் எந்தப் பக்கத்தில் இருந்து நுழைந்தது, இதெல்லாம் தம்பி வாயால் எங்கேயும் பதிவாகவில்லை. விசாரணை அதிகாரி எதை வைத்து முடிவு எழுதுவார், சொல்லுங்கள்.

எனக்கு மறக்காத ஒன்று. ஒரு வெள்ளை மைவியைப் பார்க்கப் போயிருந்தேன், இன்சூரன்ஸ் பேனல் வர்க்‌ஷாப். ரிப்போர்ட்டில் விளக்குக் கம்பத்தில் மோதியதாக எழுதியிருந்தது. கம்பத்தில் மோதிய காடியில் பம்பர் ஒரே இடத்தில் செங்குத்தாக உள்ளே போயிருக்கும். இதில் பம்பர் ஓரத்தில் கறுப்பு ரப்பர் இழுவியிருந்தது, பானெட் முனையில் தூசுக்கு மேல் துணியின் நெசவு அப்படியே பதிந்திருந்தது. ஆள் மேலே விழுந்திருக்கிறார். அதே பிளேட் நம்பருக்கு எதிராக ஒரு மோட்டார்காரரின் ரிப்போர்ட் அன்றே பதிவாகியிருந்தது. இழுத்துப் போக வந்த டோ டிரக்காரர், "கம்பம்னு சொல்லுமா, சுலபமா முடியும்" என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அவளுக்கு இருபது வயதுதான் இருக்கும். சொந்த சேதத்துக்கான கிளேம் நிராகரிக்கப்பட்டது. தாமதமான ரிப்போர்ட்டுக்கு விளக்கம் கொடுக்கலாம். பொய் ரிப்போர்ட்டுக்கு விளக்கம் கிடையாது.

ராத்திரி ரைடர் (பங்சார்)

குமரன் அண்ணே, அவரை ஏமாத்துக்காரர்னு சொல்லாதீங்க. நான் சாப்பாடு டெலிவரி ஓட்டுறேன். லோக் இயூ ரோட்ல ஒரு காடி கதவைத் திறந்து விழுந்தேன். எழுந்து நடந்தேன், நானும் "பரவால்ல"ன்னுதான் சொன்னேன். விழுந்த உடனே வலி தெரியாதுண்ணே, ஆர்டர் லேட் ஆகுதேன்னுதான் மனசு போகும். ராத்திரி கட்டைவிரல் அடியில வீங்குச்சு. முதல் எக்ஸ்ரேயில ஒண்ணும் தெரியல, திரும்ப எடுத்தப்போதான் சின்ன எலும்புல விரிசல்னாங்க.

மறுநாள் ரிப்போர்ட் செய்தது யாரையும் மாட்டிவிட இல்ல. பெர்கேசோவுல காயத்துக்குப் பணம் கேட்கணும்னா போலீஸ் ரிப்போர்ட் வேணும். அந்த அண்ணன் வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போற வழியா இருந்திருந்தா அவர் முதலாளியும் இதையேதான் கேட்டிருப்பார். மாலா அக்கா, அவர் அன்னைக்கு வேலைக்குப் போயிட்டு வந்தாரான்னு பாருங்க.

செந்தூல் குமரன்

தம்பி, உன் வலியை நான் குறைச்சுப் பேசல. ஏழு நாள் விஷயத்தையும் ஒத்துக்கிறேன். ஆனா அவருக்கு வீங்கினதும் மாலா தம்பிக்கு ஒரு போன் அடிச்சிருக்கலாமே? நம்பர் வாங்கலையா ரெண்டு பேரும்?

ஜெலுத்தோங் மாலா

வாங்கல. அவர் அன்னைக்கு வேலை முடிஞ்சுதான் வந்தார், ஹோட்டல் யூனிஃபார்ம் போட்டிருந்தார். ரைடர் தம்பி சொல்ற வரைக்கும் இந்தக் கோணத்துல யோசிக்கவே இல்ல.

செராஸ் நாதன்

இதே போல எனக்கும் நடந்தது. அப்பாவோட வேன் ஃபிளாட் கீழே இருந்து காணாமப் போச்சு. உடனே பாலாய்க்குப் போனோம். கௌண்டர்ல இருந்த கார்ப்ரல் சேசிஸ் நம்பர் கேட்டார். வேன் எங்க வீட்ல வளர்ந்த மாதிரி, ஆனா அந்த நம்பர் ஒருத்தருக்கும் தெரியல. அப்பா என் முகத்தைப் பார்க்கிறார், நான் அம்மா முகத்தைப் பார்க்கிறேன். கடைசில இன்சூரன்ஸ் கவர் நோட்ல சேசிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் ரெண்டுமே இருந்தது. எல்லாரும் அதைப் படம் எடுத்து போன்ல வெச்சுக்கோங்க.

திருட்டு கேஸ்ல பணம் உடனே வராது. போலீஸ் விசாரணை முடியணும், ரெண்டு சாவியும் ஒப்படைக்கணும். அதுவரைக்கும் பேங்குக்கு மாசக் கட்டு கட்டியே ஆகணும், காடி இல்லையேன்னு நிறுத்த முடியாது. கீழ் மாடிப் பையனோட மோட்டாரும் அதே வாரம் போச்சு. அவன்து வெறும் மூன்றாம் தரப்பு காப்பு, ஒரு காசும் வராது. அப்படியும் அவனை ரிப்போர்ட் செய்ய வெச்சேன். அந்த மோட்டாரை வெச்சு எவனாவது பை பறிச்சா, போலீஸ் முதல்ல இவன் வீட்டுக் கதவைத்தான் தட்டும்.

பட்டர்வொர்த் லெட்சுமி ஆன்ட்டி

நாதன், மாலா கேட்டது திருட்டு இல்லப்பா, காயம் பட்ட கேஸ். இருந்தாலும் நல்ல விஷயம் சொன்னீங்க.

என் கதை சின்னதுதான். பினாங்கு பாலத்துல பின்னால வந்த லோரி இடிச்சது, அன்னைக்கே ரிப்போர்ட் செய்தேன், லோரிக்காரர் மேல தப்புன்னு முடிவு வந்தது, என் நோ கிளேம் தள்ளுபடி 55 விழுக்காடு அப்படியே இருக்கு.

மாலா, தம்பிகிட்ட சொல்லும்மா. ரிப்போர்ட் மலாய்ல டைப் பண்ணுவாங்க. கையெழுத்துக்கு முன்னால ஒவ்வொரு வரியும் வாசிச்சுப் பார்க்கணும், அவசரமே வேண்டாம். போலீஸ்காரர் கோவிச்சுக்குவாரோன்னு நினைக்கக் கூடாது. ஒரு தடவை பதிஞ்சதை அழிச்சு எழுத முடியாது, கூடுதல் ரிப்போர்ட்தான் செய்யணும், அப்போ ஏன் முதல்ல சொல்லலைன்னு கேள்வி வரும். "நான் நினைக்கிறேன்"னு எதுவும் சொல்ல வேண்டாம், கண்ணால பார்த்ததைச் சொன்னா போதும். நீயும் பக்கத்து சீட்ல இருந்தே, உன்னையும் சாட்சியா எழுதச் சொல்லு. டாஷ்கேம் இருந்ததா? அந்தக் கடைப்பக்கம் சிசிடிவி பதிவு இந்நேரம் அழிஞ்சிருக்கும், ஆனாலும் கடைக்காரர் யாராவது பார்த்திருக்கலாம், போய்க் கேளு. கெரான்ல முகவரியை ஜேபிஜேயில் மாத்தச் சொல்லு, இதை மறந்துடாதே. லாயர் கடிதத்துக்குத் தம்பி தானா பதில் எழுதக் கூடாது. அந்த அண்ணனுக்கு போன் போட்டுப் பேசவும் கூடாது, பாவம்னு தோணினாலும். எது வந்தாலும் பிரிக்காம இன்சூரன்ஸ் லாயர்கிட்ட கொடுக்கணும். முக்கியமா கோர்ட் சம்மன் வந்தா அன்னைக்கே.

பழைய அட்ஜஸ்டர், கெப்போங்

லெட்சுமி அம்மா சொன்னதில் ஒன்றே ஒன்று. பிரிக்காமல் கொடுக்க வேண்டாம், பிரித்துத் தேதியைப் பார்த்துக் காப்பி எடுத்துவிட்டுக் கொடுங்கள். மற்றதெல்லாம் சரி.

இன்னொன்று, இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு. மாலாவுக்கு எட்டு மாதத்தில் கடிதம் வந்தது சீக்கிரம் என்றே சொல்வேன். தீபகற்பத்தில் இப்படிப்பட்ட காயத்துக்கு வழக்குப் போட ஆறு வருடம் வரை அவகாசம் உண்டு. ரோட்டில் கைகொடுத்துப் பிரிந்ததோடு எதுவும் முடிந்துவிடாது.

ஜெலுத்தோங் மாலா

டாஷ்கேம் இல்ல ஆன்ட்டி. திங்கள்கிழமை காலையில ஜாலான் பட்டாணிக்கு ரெண்டு பேரும் போறோம், தம்பி ரிப்போர்ட், என் பேர் சாட்சி. ஒரு சந்தேகம், அட்ஜஸ்டர் ஐயா: அந்த அண்ணன் இடது கையை வயித்தோட வெச்சிருந்ததை நான் பார்த்தேன்னு சொல்லணுமா? சொன்னா, காயம் தெரிஞ்சும் விட்டுட்டுப் போனோம்னு ஆகிடுமோன்னு தம்பி பயப்படுறான்.

பழைய அட்ஜஸ்டர், கெப்போங்

கேட்டால் பார்த்ததைச் சொல்லுங்கள் மாலா. அது தம்பிக்கு எப்படிப் போகும் என்பதை, போவதற்கு முன் கம்பெனியின் லாயரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இதில் நான் சொல்வதைவிட அவர் சொல்வதுதான் சரி.