டேகேர் அக்காவுக்குத் தூக்க மெசேஜ் எழுதுவது எப்படி? எட்டு மாதப் பாப்பா அங்கே தூங்க மறுக்கிறாள்

ஆட்டோ அம்மா:
மகளுக்கு எட்டு மாதம். நான் வேலைக்குத் திரும்பிவிட்டதால் ஆபீசுக்குப் பக்கத்தில் உள்ள டேகேரில் விடுகிறோம். அவள் இருக்கும் அறையில் ஆறு குழந்தைகள், இரண்டு அக்காக்கள். வீட்டில் என்றால் தூளியில் போட்டதும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தூங்குவாள். அங்கே பத்து மணியில் இருந்து அழுதுகொண்டே இருந்து, பதினொன்றுக்கு மேல் அசந்து, அரை மணியில் எழுந்துவிடுகிறாளாம். சாயங்காலம் கூப்பிடப் போனால் கண்ணெல்லாம் சிவந்து, தொட்டாலே அழுகை. அக்கா நல்லவர், நானே தெளிவாக எழுதிக் கொடுத்தால் செய்வார். இந்த மெசேஜ் போதுமா?

"அக்கா, பாப்பா காலை பத்து மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் தூங்குவாள். கொட்டாவி விட்டால், கண்ணைக் கசக்கினால், காதை இழுத்தால் தூக்கம் வந்துவிட்டது என்று அர்த்தம். மெத்தையில் போட்டுத் தட்டிக் கொடுங்கள். அழுதால் தூக்கிக்கொண்டு நடங்கள், தூங்கிவிடுவாள். நன்றி."

மயிலை மாமி:
பத்து மணிக்கு அவளுக்குத் தூக்கமே வந்திருக்காதும்மா. அதான் அழறா. நல்லா விளையாட விட்டு, களைச்சுப் போனதும் பதினொன்றரைக்குப் போடச் சொல்லு. அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவா.

ரெட்டை வால்:
எங்கள் வீட்டிலும் இதே கதைதான் சிஸ். என் பையனுக்கு இரண்டரை வயது, டேகேரில் மதியம் படுக்கவே மாட்டான், மற்ற பிள்ளைகளையும் எழுப்பிவிடுகிறான். மதியத் தூக்கத்தையே நிறுத்திவிடலாமா?

தொட்டில் டீச்சர்:
ரெட்டை வால், உங்களுடையது வேறு விஷயம், தனியாகக் கேளுங்கள். எட்டு மாதத்துக்கும் இரண்டரை வயதுக்கும் ஒரே பதில் கிடையாது.

ஆட்டோ அம்மா, நான் டேகேரில் கைக்குழந்தைகள் அறையைப் பல வருஷம் பார்த்துக்கொண்டவள். உங்கள் பெயரைப் பார்த்ததும் ஒரு சந்தேகம். காலையில் எத்தனை மணிக்கு எழுகிறாள்? வழியில் ஆட்டோவில் கண் அசருகிறாளா?

ஆட்டோ அம்மா:
ஆமாம் அக்கா! ஆறு மணிக்கு எழுவாள். எட்டரைக்கு ஆட்டோ ஏறினால் பத்துப் பதினைந்து நிமிடம் மடியில் தூங்கிவிடுவாள், ஒன்பது மணிக்கு இறங்கும்போது முழித்துவிடுவாள். அதையெல்லாமா கணக்கில் எடுப்பது?

தொட்டில் டீச்சர்:
எடுக்கத்தான் வேண்டும். எட்டு மாதக் குழந்தை பொதுவாக இரண்டேகாலில் இருந்து மூன்று மணி நேரம் விழித்திருக்கும், அப்புறம் தூக்கம் வரும். ஆறு மணிக்கு எழுந்தவளுக்கு எட்டரைக்குத் தூக்கம் வருவது சரிதான். ஆனால் ஆட்டோவில் போட்ட குட்டித் தூக்கம் அந்தச் சோர்வின் மேற்பரப்பைக் கொஞ்சம் துடைத்துவிடும். ஒன்பதுக்குப் புதுசாக விழித்தவளை அக்கா பத்துக்கே படுக்க வைக்கிறார். தூக்கம் இல்லாதவளை இருட்டில் படுக்க வைத்தால் அழத்தான் செய்வாள். அழுதழுது பதினொன்றாகும்போது அளவுக்கு மேல் களைத்து, உடம்பு விறைத்து, முதுகை வளைக்க ஆரம்பிப்பாள். மாமி சொன்னதில் பாதி சரி, பத்து மணி சீக்கிரம். ஆனால் களைத்துப் போகும் வரை விட்டால் அடித்துப் போட்ட மாதிரி தூங்க மாட்டாள், அரை மணியில் அழுதுகொண்டே எழுவாள். டேகேரில் இப்போது நடப்பதே அதுதான்.

அதனால் மெசேஜில் மணியை எழுத வேண்டாம். தினமும் விடும்போது 'கடைசியாக எத்தனை மணிக்கு விழித்தாள்' என்று மட்டும் சொல்லுங்கள்.

அடுத்தது அறிகுறி. கொட்டாவியும் கண் கசக்கலும் பல குழந்தைகளுக்குக் கடைசிக் கட்டம். அதற்கு முன்னால் உங்கள் பாப்பா என்ன செய்வாள் என்று வீட்டில் ஒரு நாள் கவனியுங்கள்.

ஆட்டோ அம்மா:
பார்த்தேன். பொம்மையை எடுத்து உடனே போட்டுவிடுகிறாள். அப்புறம் சத்தமே போடாமல் ஜன்னலையோ மின்விசிறியையோ வெறித்துப் பார்க்கிறாள். புருவத்துக்கு மேலே லேசாகச் சிவக்கிறது. அதற்குப் பத்து நிமிடம் கழித்துத்தான் கண் கசக்கல்.

தொட்டில் டீச்சர்:
அந்த வெறித்த பார்வையை முதல் வரியில் எழுதுங்கள். ஆறு குழந்தைகள் இருக்கும் அறையில் அழும் குழந்தையைத்தான் யாரும் பார்ப்பார்கள். சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பவளை 'சமத்தாக இருக்கிறாள்' என்று விட்டுவிடுவோம். நானே எத்தனையோ முறை அப்படி விட்டிருக்கிறேன். காது இழுப்பதை எடுத்துவிடுங்கள். பல் முளைக்கும்போதும் இழுப்பாள். கூடவே காய்ச்சலோ சளியோ இருந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டிய விஷயம் அது.

சேலத்து அப்பா:
இவ்வளவு எதுக்கு? வீட்டுத் தூளிச் சேலையையே கொடுத்து அங்கே ஒரு கொக்கியில் கட்டச் சொல்லுங்க. நாங்க எல்லாரும் தூளியில வளர்ந்தவங்கதானே.

தொட்டில் டீச்சர்:
வீட்டில் பக்கத்திலேயே ஒருவர் இருக்கும்போது அது வேறு தம்பி. அங்கே ஆறு பிள்ளைகளோடு ஓடுகிறவர் தூளிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்க முடியாது. சேலை குழிந்து தாடை மார்பில் அழுந்தினால் மூச்சு சிரமப்படும். எட்டு மாதக் குழந்தை எழுந்து உட்கார்ந்தால் விழவும் செய்வாள். கெட்டியான, சமமான மெத்தை, மல்லாக்கப் படுக்க வைப்பது, தலையணையும் போர்வையும் வேண்டாம்.

சேலத்து அப்பா:
நீங்க சொல்றது புரியுது, ஆனா வீட்ல தூளி, அங்க மெத்தைன்னா குழந்தைக்குக் குழப்பம்தானே?

தொட்டில் டீச்சர்:
இடம் மாறினால் குழந்தைகள் புரிந்துகொள்வார்கள் என்பது என் அனுபவம். ஆனால் தட்டும் விதமும் சொல்லும் சொல்லும் இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை முதல் தூக்கத்தை வீட்டிலும் பாயில் பழக்கிப் பாருங்கள்.

மயிலை மாமி:
எங்க ரெண்டு பிள்ளைங்களும் தூளி இல்லாம தூங்கினதே இல்ல, டீச்சர். குழந்தைக்குக் குழந்தை மாறும்.

ஆட்டோ அம்மா:
சரி, இப்படி மாற்றியிருக்கிறேன்:

"அக்கா, பாப்பா சத்தம் போடாமல் மின்விசிறியை வெறித்துப் பார்த்தாலோ, புருவம் சிவந்தாலோ தூக்கம் வருகிறது. அழும் வரை காத்திருக்க வேண்டாம். கடைசியாக விழித்ததில் இருந்து இரண்டு மணி நேரம் ஆனதும் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள். டயபர் பார்த்துவிட்டு, வெளிச்சம் குறைவான மூலையில் தோளில் போட்டு 'ஆராரோ, தூங்கு கண்ணு' என்று மெல்லச் சொல்லுங்கள். உடம்பு தளர்ந்ததும் மெத்தையில் மல்லாக்கப் படுக்க வைத்து, நெஞ்சில் கை வைத்து மெதுவாகத் தட்டுங்கள், தட்டும் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்துங்கள். அரை மணியில் முனகினால் உடனே தூக்காமல் ஓரிரு நிமிடம் பாருங்கள், திரும்பத் தூங்கலாம். அழுதால் தூக்குங்கள். இருபது நிமிடம் ஆகியும் தூங்காவிட்டால் விளையாட விட்டு, அரை மணி கழித்து மறுபடி பாருங்கள். இன்று கடைசியாக விழித்தது: 9 மணி."

தொட்டில் டீச்சர்:
நன்றாக இருக்கிறது. கடைசி வரியைத் தினமும் தனி மெசேஜாக அனுப்புங்கள். மற்றதை ஒரு முறை குரல் பதிவாகவும் போடுங்கள், நீங்கள் தாலாட்டும் ராகத்தோடு. கையில் குழந்தை இருக்கும்போது படிக்க நேரம் இருக்காது.

ஆட்டோ அம்மா:
காலைத் தூக்கம் பதினொன்றே காலுக்கு, அழாமல், முக்கால் மணி நேரம்! மதியம் மட்டும் இன்னும் அரை மணிதான். மூன்று மணிக்குப் பெரிய பிள்ளைகள் ஸ்கூலில் இருந்து வரும் சத்தத்தில் எழுந்துவிடுகிறாளாம்.

தொட்டில் டீச்சர்:
காலையில் பதினொன்றே காலுக்குப் படுத்து பன்னிரண்டுக்கு விழித்தால், அடுத்தது இரண்டரைக்கு மேல்தான் வரும். மூன்று மணிச் சத்தம் சரியாக நடுவில் விழுகிறது. ஆட்டோ தூக்கத்தைத் தவிர்க்க முடிந்தால் காலைத் தூக்கம் ஒன்பதரைக்கு முன்னாலேயே வந்து எல்லாம் முன்னே நகரும். ஆனால் அந்த ஆட்டோவில் அவளை எப்படி முழித்திருக்க வைப்பது என்று என்னைக் கேட்காதீர்கள்.

சேலத்து அப்பா:
வீட்டை விட்டு அரை மணி முன்னாடி கிளம்பிப் பாருங்க. எட்டு மணிக்கு இன்னும் தூக்கம் முட்டியிருக்காது.