ரெண்டு நாள் ஓட்டிப் பார்த்தாச்சு

குழு: நம்ம குடும்பம்
ஞாயிறு, இரவு

கார்த்தி: வாடகைக் காரத் திருப்பி விட்டுட்டு இப்பத்தான் வீட்டுக்கு வந்தேன். சனி காலைல 7-க்கு எடுத்தது, மொத்தம் 5,800 ஆச்சு. நாளைக்கு அட்வான்ஸ் கட்டறேன்னு சொல்லியிருந்தேன்ல, கட்டல.

அத்தை: நல்லவேளை கட்டல கண்ணு. கருப்பு போர்டு வண்டிய வாங்கி ஓன் போர்டா மாத்தறதுக்குள்ள ஆர்டிஓ ஆபீஸுக்கு நடந்தே செருப்பு தேஞ்சுரும்.

கார்த்தி: அத்த, அந்த வண்டிய வாங்கலீங்க. அதே மாடல்ல புதுசு வாங்கறதுக்கு முன்னாடி, ரெண்டு நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்த்தேன்.

பெரியப்பா: ஷோரூம்லதான் டெஸ்ட் டிரைவ் சும்மாவே குடுத்தானே. அதுக்கு எதுக்கு 5,800?

கார்த்தி: அவிநாசி ரோட்டுல போயி ஒரு யூ டர்ன் அடிச்சுட்டு வந்தது பெரியப்பா. 15 நிமிஷம். சாயங்காலம் 6 மணி, வெயில் இல்ல, மேடு இல்ல, நானும் சேல்ஸ் பையனும் மட்டும். ஏஎம்டி வெண்ணெய் மாதிரி போச்சு. அதே கியர் நேத்து நம்ம அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் ஏத்தத்துல என் மானத்த வாங்கிருச்சு.

ராஜு மாமா: பின்னாடி உருண்டுச்சா?

கார்த்தி: எப்படி மாமா கரெக்டா சொல்றீங்க? ஏத்தத்துல பாதில நிறுத்தித்தான ஆகணும், வாட்ச்மேன் கேட் திறக்கற வரைக்கும். பிரேக்ல இருந்து கால எடுத்தேன், ரெண்டு செகண்ட் நின்னுச்சு. ஆக்ஸிலேட்டர மிதிக்கறேன், அது யோசிக்குது. அதுக்குள்ள ஒரு அடி பின்னால வந்துருச்சு. பின்னாடி பைக்ல நின்னவர் சத்தம் போட்டுட்டார்.

ராஜு மாமா: அந்த ரெண்டு செகண்ட்தான் ஹில் ஹோல்ட். அதுக்கு மேல புடிக்காது. ஏஎம்டின்னா உள்ள இருக்கறது மேனுவல் வண்டில இருக்கற அதே கிளட்ச் பிளேட்தான் மாப்ள. உன் கால் செய்யற வேலைய ஒரு மோட்டார் செய்யுது, அவ்வளவுதான். அது கிளட்ச் புடிக்கறதுக்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும். ரெண்டாவது தடவ என்ன பண்ணுன?

கார்த்தி: பிரேக்க விட்டுட்டு லேசா ஆக்ஸிலேட்டர் குடுத்தே ஏத்தத்துல நிறுத்தி வெச்சேன். உருளல. ஆனா கொஞ்சம் கருகுன வாசன.

ராஜு மாமா: 😡 அடுத்தவன் வண்டி கிளட்ச்ச தேச்சுட்டு வந்துருக்க. ஹேண்ட் பிரேக்க ஏத்தி வெச்சுக்க. ஆக்ஸிலேட்டர் குடு, வண்டி முன்னாடி இழுக்கறது தெரியும், அப்ப இறக்கு. தினமும் ரெண்டு தடவ இத செய்ய உனக்குப் பொறுமை இருக்குதான்னு பார்த்துக்கோ. திவ்யாவுக்கும் இருக்கணும்.

திவ்யா: எனக்கு இல்லீங்க மாமா 😄

பிரவீண்: வால்பாறை எப்படிண்ணா இருந்துச்சு? 40 கொண்டை ஊசி வளைவுலயும் இதே கதையா?

கார்த்தி: அங்க உருளல, ஏன்னா நிக்கல. ஆழியாறு தாண்டி ஏறும்போதுதான் வேற கூத்து. வளைவுல திரும்பி முடிக்கறப்ப மூணாவதுக்குப் போகுது, இழுக்க முடியாம திரும்ப ரெண்டாவதுக்கு வருது. அந்த நடுவுல எல்லாரும் தலையாட்டி பொம்மை மாதிரி முன்னும் பின்னும். பத்தாவது வளைவுக்கு அப்புறம் எம் மோடுல போட்டு ரெண்டாவதுலயே வெச்சுட்டேன். சரியாயிருச்சு.

ராஜு மாமா: இறங்கறப்பவும் அப்படியே ரெண்டாவதுல வெச்சியா? டி-ல விட்டா, நீ ஆக்ஸிலேட்டர் குடுக்காததப் பார்த்து அது மேல் கியருக்குப் போயிரும். இன்ஜின் புடிக்காது. பிரேக்குதான் எல்லாத்தையும் சுமக்கணும்.

கார்த்தி: பாதி தூரம் டி-லதான் வந்தேன். பிரேக் வாசன வந்த பின்னாடிதான் புத்தி வந்துச்சு.

பெரியப்பா: மைலேஜ் என்ன குடுத்துச்சு? அதச் சொல்லு முதல்ல.

கார்த்தி: ஸ்கிரீன்ல 17.2. நான் அத நம்பல. சனிக்கிழமை பங்க்ல ஆட்டோ கட் ஆகற வரைக்கும் போட்டு டிரிப் மீட்டர ஜீரோ பண்ணுனேன். இன்னிக்கு அதே பங்க், அதே பம்பு, மறுபடி ஆட்டோ கட் வரைக்கும். 284 கிலோமீட்டர், 18.5 லிட்டர். வகுத்தா 15.3 சொச்சம்.

பெரியப்பா: மூணு சர்வீஸ் முடிஞ்சா கம்பெனி சொன்ன மைலேஜுக்கு வந்துரும். என்னோடதும் அப்படித்தான் ஏறுச்சு.

ராஜு மாமா: புது வண்டின்னா கொஞ்சம் ஏறும், இல்லேங்கல மச்சான். ஆனா இது ஏற்கெனவே ஓடுன வண்டி. எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்துச்சு?

கார்த்தி: 42,000.

ராஜு மாமா: அப்ப இனி ஏறறதுக்கு ஒண்ணுமில்ல. கம்பெனி நம்பர் லேப்ல உருளை மேல ஓட்டி எடுக்கறது. அதுல வால்பாறையும் இல்ல, பின் சீட்ல மூணு பேரும் இல்ல. ஆனா கார்த்தி, 15.3-யும் மலை சேர்ந்த கணக்குதான். உன் ஆபீஸ் ரூட்டுக்குக் கணக்கு தனி.

திவ்யா: மைலேஜ விடுங்க. அமுச்சி ஏறுனதச் சொல்லுங்க.

கார்த்தி: சொல்றேன். ஷோரூம்ல அமுச்சிய கூட்டிட்டே போகல, அது என் தப்பு. முட்டி ஆபரேஷன் பண்ணுன கால், பின் கதவு வழியா மடக்கி உள்ள கொண்டு போக முடியல. முதல்ல உட்கார்ந்து, நான் ரெண்டு காலையும் சேர்த்துப் புடிச்சு உள்ள திருப்பினேன். இறங்கறப்ப சீட் பள்ளமா இருக்கறதால எந்திரிக்க முடியல. ஆழியாறுல டீ குடிக்கக்கூட இறங்க மாட்டேன்னுட்டாங்க.

அத்தை: என் மாமியாருக்கும் இதேதான். வேன்தான் லாயக்கு. நாங்க பழநி போனப்ப வேன்லதான போனோம், மாமியார் கடைசி வரைக்கும் ஜம்முன்னு வந்தாங்க, வாந்திகூட எடுக்கல.

ராஜு மாமா: எங்கம்மாவ முன் சீட்ல உட்கார வெச்சுப் பார்த்தியா?

கார்த்தி: திரும்பி வர்றப்ப வெச்சேன். சீட்ட முழுசா பின்னாடி தள்ளுனா தானாவே ஏறிக்கறாங்க. ஆனா அப்ப அவங்களுக்குப் பின்னாடி பாப்பாவோட சைல்டு சீட் மாட்ட முடியல. டிரைவருக்குப் பின்னாடி மாத்துனோம், மாட்டுச்சு.

திவ்யா: இன்னொண்ணு. மத்தியானம் பொள்ளாச்சி ரோட்டுல, டேஷ்போர்டோட வெளிர் கலர் முழுசா முன் கண்ணாடில தெரியுது. எதிர்ல வர்ற ரோட்ட பால் ஊத்துன மாதிரி பார்க்கறோம். 6 மணிக்கு ஓட்டுனப்ப இது எப்படிங்க தெரியும்?

பிரவீண்: கறுப்பு டேஷ்போர்டு உள்ள வேரியன்ட் இருக்குல்ல?

கார்த்தி: டாப்ல மட்டும். நான் வாங்க நினைச்சது நடு வேரியன்ட்.

ராஜு மாமா: வாடகைக்கு எடுத்தது எது?

கார்த்தி: அதுவும் நடுதான்னு ஆப்ல போட்டிருந்துச்சு. ஆனா வந்தது பழைய மாடல் டாப். அந்த மாடல்ல டாப்லயும் டேஷ் வெளிர் கலர்தான், புதுசுல மாத்திட்டாங்களாம். அதுல டிரைவர் சீட்ட ஏத்தி இறக்கலாம், திவ்யா ஏத்தி வெச்சுத்தான் ஓட்டுனா. நடு வேரியன்ட்ல அந்த வசதி இல்லைன்னு இன்னிக்குத்தான் பிரோஷர்ல பார்த்தேன்.

ராஜு மாமா: பாரு, அதுதான். வாடகை வண்டிய அப்படியே நம்பக் கூடாது. டயர் எந்தக் கம்பெனி, எவ்வளவு தேஞ்சிருக்கு, யார் யார் கிளட்ச்ச தேச்சிருக்காங்க, ஒண்ணும் தெரியாது. சத்தம், குலுக்கல் எல்லாம் அந்த ஒரு வண்டியோட குறையா இருக்கலாம். உட்கார்ற உயரம், கதவு அகலம், கண்ணாடில தெரியறது, இதெல்லாம் மாறாது. ஆனா அதுவும் அதே வேரியன்ட், அதே வருஷமா இருந்தாத்தான்.

பிரவீண்: ஹைவேல எவ்வளவு வேகம் போச்சுண்ணா?

கார்த்தி: 80-க்கு மேல போகல. பூட்டு போட்டிருக்காங்க. அதனால 100-ல எப்படி இருக்கும்னு இன்னும் தெரியாது.

பெரியப்பா: இவ்வளவு பார்த்தா காரே வாங்க முடியாது.

திவ்யா: எனக்கு மேனுவல் போதும் பெரியப்பா. இவருக்குத்தான் டிராஃபிக்ல கால் வலிக்குதாம்.

அத்தை: அப்ப அந்தக் கருப்பு போர்ட யாரு வாங்கறா?

கார்த்தி: 🙏 யாரும் இல்லீங்க அத்த. மாமா, செவ்வாய்க்கிழமை மேனுவலும் ஏஎம்டியும் ரெண்டையும் ஷோரூமுக்குப் பதிலா நேரா நம்ம பேஸ்மென்ட்டுக்குக் கொண்டு வரச் சொல்லியிருக்கேன். நடு வேரியன்ட்தான் வேணும்னு சொல்லிட்டேன். மத்தியானம் 12 மணிக்கு. வர முடியுமா?

ராஜு மாமா: வர்றேன். அம்மாவையும் கீழ கூட்டிட்டு வந்து வை.