டாக்டர், பல் பட்டுவிட்டது, மீளுமா?

குழப்பவாதி: நண்பர் அனுப்பிய மீம் இது. மருத்துவமனைக் கட்டிலில் ஒருவர், கையில் பாதி தின்ற வாழைப்பழம். "டாக்டர், பல் பட்டுவிட்டது, மீளுமா?" என்கிறார். "யாருடைய பல்?" என்று டாக்டர் கேட்கிறார். வாசல் பலகையில் 'திருமலைராயன் மருத்துவமனை'. இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

முந்திரிக்கொட்டை: பழத்தைக் கடித்ததில் பல் ஆடிவிட்டது, பிழைக்குமா என்கிறார். அவ்வளவுதான்.

வெண்பாப் பித்தன்: அப்படியென்றால் 'யாருடைய பல்' என்ற கேள்வி எதற்கு? காளமேகப் புலவர் பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒன்றாக்கிப் பாடிய சிலேடை வெண்பாவின் தொடக்கம் இது:

நஞ்சிருக்கும் தோலுரிக்கும் நாதர்முடி மேலிருக்கும்
வெஞ்சினத்திற் பற்பட்டால் மீளாது

பாம்பு தன் தோலை உரிக்கும். பழத்தின் தோலை நாம் உரிப்போம். சிவன் தலையில் பாம்பு. அபிஷேகத்தில் பழமும் அதே தலையில். பாம்பின் பல் பட்டால் மனிதன் மீள மாட்டான், மனிதனின் பல் பட்டால் பழம் மீளாது. டாக்டருக்குத் தெரிய வேண்டியது அதுதான். விஷமுறிவு மருந்து எடுப்பதா, ஆளை வீட்டுக்கு அனுப்புவதா? திருமலைராயன் அதே வெண்பாவில் வரும் சிற்றரசன்.

வார்டு அக்கா: யாரையாவது பாம்பு கடித்திருந்தால் விளையாடாதீர்கள். கயிற்றால் இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது. எங்கள் வார்டுக்குக் கட்டோடு வந்த ஒருவருக்குக் கால் கறுத்தே போயிருந்தது.

குழப்பவாதி: கடித்தது பாம்பு இல்லை அக்கா, அவர்தான் பழத்தைக் கடித்திருக்கிறார்.

முந்திரிக்கொட்டை: சரி, பாட்டு என்றே வைத்துக்கொள்வோம். வாழைப்பழத்தில் ஏது நஞ்சு? பழத்துக்கு ஏது சினம்?

வெண்பாப் பித்தன்: நன்றாகக் கனிந்த பழத்தை அழுத்திப் பாருங்கள், நைந்திருக்கும். அந்த நைந்ததுதான் பேச்சில் நஞ்சது. வெஞ்சினத்துக்கு, சோற்றுக்குத் துணையாகத் தொட்டுக்கொள்ளும் வெஞ்சனம் என்று உரை சொல்வார்கள்.

முந்திரிக்கொட்டை: சினத்தைச் சனமாக்கினால் எந்தப் பாட்டும் சிலேடைதான்!

வெண்பாப் பித்தன்: அந்த இடம் கொஞ்சம் இழுவைதான், மறுக்கவில்லை. இரண்டு சொல்லுக்கும் அசை ஒன்றே என்பதால் யாப்பின் மேலும் பழி போட முடியாது. ஆனால் மீம் வரைந்தவர் கெட்டிக்காரர். அந்தச் சொல்லைத் தொடவே இல்லை, 'பல் பட்டால் மீளாது' என்பதை மட்டும் எடுத்துக்கொண்டார்.

முந்திரிக்கொட்டை: உரை எழுதினால்தான் சிரிப்பு வரும் என்றால் அது நகைச்சுவையே இல்லை.

குழப்பவாதி: எனக்கு இப்போது சிரிப்பு வருகிறதே! இன்னொன்று கேட்க மறந்தேன். மேசையில் மூடிய எண்ணெய்க் குடம், அதன் மேல் 'திறந்தால் முகம் காட்டும்' என்று எழுதியிருக்கிறது.

வெண்பாப் பித்தன்: அது வேறு வெண்பா. பாம்பும் எள்ளும். எண்ணெயில் நம் முகம் தெரியும். கூடையைத் திறந்தால் பாம்பின் முகம்.

வார்டு அக்கா: அந்தக் கூடையை மட்டும் யாரும் திறக்காதீர்கள்.